மங்கலான போட்டோல இருந்த ஃப்ளோசார்ட்டுக்கு அவுட்புட் கண்டுபிடிச்ச கதை

போன பரீட்சை கொஸ்டின் பேப்பர ஃப்ரெண்ட் ஒருத்தன் போன்ல போட்டோ எடுத்து அனுப்பினான், பேப்பர் நடுவுல மடிச்ச கோடு, ஃப்ளோசார்ட் சரியா அந்தக் கோட்டு மேலதான் இருந்துச்சு. இன்புட் 5264, அவுட்புட் என்னன்னு கேள்வி. மேலோட்டமா பாத்துட்டு இலக்கத்தெல்லாம் கூட்டுற கணக்குதான்னு நெனச்சு 17னு எழுதிட்டேன், அது தப்பு.

ஜூம் பண்ணி ஒவ்வொரு பெட்டியா தாள்ல திரும்ப வரைஞ்சப்பதான், உள்ள இன்னொரு டைமண்ட் இருக்கறதே தெரிஞ்சது. மொதல்ல N வாங்குது, S-ல 0 போடுது, அப்புறம் N > 0 வான்னு கேக்குது. யெஸ்னா `D = N mod 10`, அதாவது கடைசி இலக்கம். D இரட்டைப்படையா இருந்தா மட்டும் S-ல கூட்டுது, இல்லன்னா கூட்டாம தாண்டிப் போகுது, ரெண்டு வழியும் `N = N div 10`ல வந்து சேருது, அங்கிருந்து திரும்ப மேல. நோன்னா S-ஐ பிரிண்ட் பண்ணுது.

ரெண்டு எடம் மட்டும் சுத்தமா தெரியல. ஒண்ணு, அது > ஆ ≥ ஆ. சரி, ≥ன்னு வச்சுப் பாப்போம்னு ஓட்டினேன், N 0 ஆனதுக்கப்புறமும் 0 div 10 மறுபடி 0தானே, லூப் முடியவே முடியாது. அப்ப > தான். இன்னொண்ணு, மேல போற அம்பு S = 0 பெட்டிக்கு மேல சேருதா கீழ சேருதான்னு. மேல சேந்தா ஒவ்வொரு சுத்துக்கும் S அழிஞ்சு போய், கடைசில எந்த நம்பர் குடுத்தாலும் 0தான் பிரிண்ட் ஆகும், அப்படி ஒரு கேள்விய யாரும் கேக்க மாட்டாங்க. அதனால டைமண்டுக்கு நேரா மேல, S = 0க்குக் கீழன்னு எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் மனசுல ஓட்டாம டேபிள் போட்டேன், ஒரு சுத்துக்கு ஒரு வரி, N-க்கு கீழ இருக்கறது அந்த சுத்து ஆரம்பிக்கறப்ப உள்ள மதிப்பு:

```
N     D  S
5264  4  4
526   6  10
52    2  12
5     5  12
0     -  12
```

5 ஒற்றைப்படை, அதனால நாலாவது வரில S மாறல. அவுட்புட் 12.

கீழயே இன்னொரு கேள்வி, N > 0 எத்தன தடவ செக் ஆகுதுன்னு. சுத்து நாலுன்றதால 4னு போடத்தான் கை போச்சு, ஆனா டேபிள்ல கடைசி வரி இருக்கே, N 0 ஆனப்புறமும் ஒரு தடவ கேட்டுட்டுதான் நோ பக்கம் போகுது, அதனால 5. அந்த கடைசி வரிய எழுதாம விட்டிருந்தா இத கண்டிப்பா தப்பா போட்டிருப்பேன்.