கரிசல் மண் ரோட்டுக்குச் சுண்ணாம்பு எத்தனை சதவீதம்? ஊறவைத்த சி.பி.ஆர். வைத்து முடிவு செய்த கதை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமச் சாலை. அடிமண் முழுக்கக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழைக்கு அப்புறம் டிராக்டர் இறங்கினால் ஏறாது. ரோட்டு அடுக்குகளுக்குக் கீழே இறுக்கும் மண் படுகையான சப்கிரேடை எதைக் கலந்து பலப்படுத்துவது, எவ்வளவு கலப்பது என்று லேபில் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

முதலில் மண்ணின் குணம். மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவான லிக்விட் லிமிட் 68, உருட்டினால் உதிரத் தொடங்கும் ஈர அளவான பிளாஸ்டிக் லிமிட் 28, ஆக பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் 40. ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ் 85 வந்தது. 10 கிராம் மண்ணை ஒரு ஜாடியில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைத்துக் கன அளவை ஒப்பிடுவார்களே, அதுதான். 50-ஐத் தாண்டினாலே அந்த மண்ணை அப்படியே சப்கிரேடில் போடக் கூடாது.

அப்புறம் சி.பி.ஆர்., அதாவது பிளஞ்சர் என்ற உலோக உருளையை மண்ணில் இறக்கி, மண் தாங்கும் எடையைத் தரமான ஜல்லி தாங்கும் எடையோடு ஒப்பிடும் சதவீதம். எதுவும் கலக்காமல் மோல்டில் இறுக்கி உடனே பிளஞ்சரை இறக்கினால் 2.5 மி.மீ. ஊடுருவலில் 110 கிலோ தாங்கியது. தர எடை 1370 கிலோ, அதால் வகுத்தால் 8 சதவீதம். இதே மண்ணை இன்னொரு மோல்டில் அதே அடர்த்திக்கு இறுக்கி, மேலே 5 கிலோ வளைய எடை வைத்து 4 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் 24 கிலோதான். 1.8 சதவீதம்! 127.3 மி.மீ. உயர மாதிரி தொட்டிக்குள்ளேயே 6 மி.மீ.க்கு மேல் எழும்பி நின்றது. கான்ட்ராக்டர் அண்ணாச்சிக்கு முதல் எண்தான் பிடித்திருந்தது, "எட்டு வந்திருச்சே சார், அப்புறம் என்ன?" என்றார். கரிசலில் ஊறாத சி.பி.ஆரை வைத்து ரோடு போட்டால் முதல் மழைக்காலம் வரை நன்றாக இருக்கும்.

எதைக் கலப்பது என்பதில் ரொம்ப நேரம் போகவில்லை. அண்ணாச்சியிடம் சிமென்ட் கையிருப்பு இருந்தது, அதையே போட்டுவிடலாம் என்றார். ஆனால் இவ்வளவு ஒட்டுகிற மண்ணில் சிமென்ட் சீராகக் கலக்காது. மண் உருண்டை உருண்டையாக நிற்கும், உருண்டைக்கு வெளியே சிமென்ட் பூச்சு, உள்ளே அதே பழைய களி, கலந்து முடிப்பதற்குள் சிமென்ட்டும் இறுக ஆரம்பித்துவிடும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கும் என்றாலும் அந்த வகைச் சாம்பல் தனியாக இறுகாது, அதற்கும் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புதான் களியின் குணத்தையே மாற்றும்: கால்சியம் களித்துகள் மேல் போய் உட்கார்ந்ததும் ஒட்டுத்தன்மை போய் மண் பொலபொலவென்று உதிரும், அப்புறம் மெதுவாகக் கெட்டிப்படும். "இந்த மண்ணில்தான் சுக்கான் கல் நிறைய இருக்கிறதே, அதுவே சுண்ணாம்புதானே" என்று ஒருவர் கேட்டார். சுக்கான் கல் கால்சியம் கார்பனேட். சுடாதவரை அது களியோடு வினைபுரியாது.

கலப்பதற்கு முன் சல்ஃபேட் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். மண்ணில் ஜிப்சம் கலந்திருந்தால் சுண்ணாம்பும் களியும் அதோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற வீங்கும் படிகம் உண்டாகி, பலப்படுத்திய அடுக்கே வீங்கி ரோட்டைத் தூக்கிவிடும். எங்கள் மாதிரியில் மிகக் குறைவாகத்தான் இருந்தது.

இனி அளவு. முதல் வடிகட்டலுக்கு பி.எச். சோதனை: சலித்த மண்ணில் வெவ்வேறு சதவீதம் சுண்ணாம்பு போட்டுத் தண்ணீரில் கலக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த அளவுதான் தொடக்கப்புள்ளி. எங்களுக்கு 3 சதவீதத்தில் 12.2, நாலில் கிட்டத்தட்ட 12.4. இதைச் செய்தால் பத்துப் பதினைந்து மோல்டுகளை வீணாக ஊறப்போட வேண்டாம். இது வினைக்குத் தேவையான சுண்ணாம்பைத்தான் சொல்லும், வலுவைச் சொல்லாது. அதனால் மோல்டை விட முடியாது.

இங்கே சிலர் அவசரப்படும் ஓர் இடம் உண்டு. சுண்ணாம்பு சேர்ந்தால் அதிகபட்ச உலர் அடர்த்தி குறையும், தேவைப்படும் ஈரம் கூடும். ஆகவே ஒவ்வொரு சதவீதத்துக்கும் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் பிராக்டர் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். வெறும் மண்ணின் ஈர அளவிலேயே எல்லா மோல்டையும் இறுக்கினால் சுண்ணாம்பு அதிகமான மாதிரிகள் காய்ந்துபோய் நிற்கும், சி.பி.ஆர். குறைந்து தெரியும், சுண்ணாம்பு சரியில்லை என்று தவறான முடிவுக்கு வருவார்கள். எங்கள் மண்ணின் அடர்த்தி 4 சதவீதத்தில் கன செ.மீ.க்கு 1.52 கிராமுக்கு இறங்கியது. களத்தில் கேட்பது அதில் 97 சதவீதம் என்பதால் மோல்டையும் அந்த 97-க்கே இறுக்கினோம்.

இன்னொன்று, களத்தில் சாயங்காலம் கலந்து மறுநாள் மறுபடி உழுது உருட்டுவதாகத் திட்டம் என்பதால் லேபிலும் ஈரத்தோடு கலந்து ஓர் இரவு பாலிதீனில் மூடி வைத்து அப்புறம்தான் இறுக்கினோம். இறுக்கிய மோல்டு 3 நாள் காயாமல் மூடி, 4 நாள் ஊறல். தொட்டியிலிருந்து எடுத்ததும் கால் மணி நேரம் தண்ணீர் வடியவிட்டே பிளஞ்சரில் ஏற்ற வேண்டும்.

வந்த சி.பி.ஆர். எண்கள்: 3 சதவீதத்துக்கு 7, நாலுக்கு 13, ஐந்துக்கு 14.2, ஆறுக்கு 13.5. மூன்றிலிருந்து நாலுக்கு ஒரே தாவல், அப்புறம் கோடு படுத்துவிட்டது. நான் அதைவிட அதிகம் நம்பியது வீக்கத்தை. மூன்றில் இன்னும் 2 மி.மீ. போல எழும்பியது, நாலில் அரை மி.மீ.கூட இல்லை. 14.2 பெரிய எண் என்று ஐந்தை எடுத்தால் அந்த ஒரு சதவீதச் சுண்ணாம்பில் கிடைப்பது, இரண்டு மோல்டுக்கு நடுவே சாதாரணமாக வரும் வித்தியாச அளவுதான். நாலு என்று முடிவு செய்து, களத்தில் கலப்பு சீராக இருக்காது என்பதற்காக அரை சதவீதம் சேர்த்து 4.5 எழுதிக் கொடுத்தேன்.

சதவீதம் என்பது உலர் மண்ணின் எடைக்கு. 150 மி.மீ. அடுக்கில் ஒரு சதுர மீட்டருக்கு உலர் மண் சுமார் 221 கிலோ, அதில் 4.5 சதவீதம் 10 கிலோ. 25 கிலோ மூட்டை ஒன்று இரண்டரை சதுர மீட்டருக்கு. தரையில் கட்டம் போட்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் அளவு தானாகச் சரியாகிவிடும், மேற்பார்வைக்கும் எளிது.

தொல்லை வந்தது சுண்ணாம்பிலிருந்து. முதல் லோடு வெயிலிலும் காற்றிலும் திறந்து கிடந்த சரக்கு. அதை வைத்து பி.எச். பார்த்தால் நாலு சதவீதத்தில் 12-ஐக்கூடத் தொடவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு பாதியைக் கார்பனேட்டாக்கிவிட்டது, கண்ணுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால் லேபுக்கென்று தனியாகச் சுத்தமான சுண்ணாம்பு வாங்காதீர்கள், சைட்டுக்கு வரப்போகும் சூளையின் சரக்கையே போட்டுப் பாருங்கள். ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் மண் இளஞ்சிவப்பாவதை சுண்ணாம்பு இறங்கிய ஆழத்தைப் பார்க்கப் பயன்படுத்தினோம். எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

உருட்டுவதற்கு முன் களத்தில் கலந்த மண்ணை அள்ளிவந்து அதே முறையில் ஊறவைத்ததில் 9.5 வந்தது. உள்ளே சின்ன உருண்டைகள் மிச்சம் இருந்தன, வேறு காரணம் தெரியவில்லை. ரொட்டவேட்டரை இன்னொரு நடை ஓட்டச் சொன்னேன். டிசைனில் 13-ஐப் போடவில்லை, 7 என்றே எடுத்து மேலடுக்குகளின் தடிமனைக் கணக்கிட்டோம். அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்தான், ஜல்லிச் செலவு கூடும் என்று. அடுத்தடுத்த லோடுக்கு பி.எச். பார்க்காமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பதை மட்டும் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்.