பை பிரித்த நாளிலிருந்து

ஜூலை 12, சனி

ஏற்காட்டு அரபிகா, அரை கிலோ, இன்று காலை பிரித்தேன். வறுத்த தேதி ஜூலை 2. வறுத்த புதிதில் கொட்டைக்குள் வாயு அதிகம், எஸ்பிரெஸோ ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வராது, அதனால்தான் பத்து நாள் தொடாமல் வைத்திருந்தேன். 18 கிராம் பொடி, கோப்பையில் 36 கிராம், கிரைண்டர் டயல் 14, நேரம் 28 வினாடி. நல்ல இனிப்பு. இந்தப் பை தீரும்வரை அந்த இரண்டு எடையும் மாறாது, அரவை மட்டும்தான்.

ஜூலை 14, திங்கள்

26 வினாடி. சுவை அதேதான். டயலைத் தொடவில்லை, பொடியை அழுத்துகிற கை கொஞ்சம் மாறினாலே இரண்டு வினாடி போய்விடும்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் 23, வாயில் வைத்ததும் புளிப்பு, நுரையும் மெலிசு. பை திறந்ததிலிருந்து வாயு போய்க்கொண்டே இருக்கிறது. புதுப் பொடியில் சுடுநீர் பட்டதும் அந்த வாயு கிளம்பித் தண்ணீரை எதிர்த்துத் தள்ளும், அது குறையக் குறையத் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடுகிறது, அந்தத் தடையை நைஸ் அரவையால்தான் ஈடுகட்ட வேண்டும். மோட்டார் ஓடும்போதே 13.5-க்குத் திருப்பி உடனே இன்னொன்று போட்டேன், 24 தான். போதாது என்று அவசரப்பட்டு 13-க்குப் போனேன். மாலையில் 33 வினாடி, சொட்டுச் சொட்டாக, ஒரே கசப்பு! கிரைண்டருக்குள் தங்கியிருந்த பழைய அரவை காலையில் ஏமாற்றியிருக்கிறது.

ஜூலை 16, புதன்

13.5-க்குத் திரும்பி, முதலில் 3 கிராம் அரைத்துக் கொட்டிவிட்டுப் போட்டேன். 27. நேற்றே இதைச் செய்திருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

நேரம் 24-க்கு இறங்கியது, டயலை 13-க்குத் திருப்பினேன். கொட்டியது 3 கிராம், வந்தது 28. மூன்று நாள் முன்னால் கசந்த அதே எண் இன்று சரியாக இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

12.5, 27 வினாடி. "தினமும் அதைத் திருகாம உனக்குக் காப்பி இறங்காதா கண்ணு" என்கிறார் அம்மா. தினமும் இல்லை அம்மா, மூன்று நாளைக்கு ஒருமுறை அரைக் கோடு.

ஜூலை 23, புதன்

காலையில் 23, வழக்கம்போல் 12-க்கு இறக்கினேன், 3 கிராம் கொட்டினேன். வந்தது 20. நைஸாக்கினால் மெதுவாக வேண்டும், வேகமாகிறது என்றால் தண்ணீர் பொடிக்குள் எங்கோ ஓட்டை போட்டு ஓடுகிறது. அடி திறந்த பிடியில் ஒரு பக்கம் பீய்ச்சியதும் தெரிந்தது. புளிப்பும் கசப்பும் ஒரே வாயில். இனி இறக்க இடமில்லை, 12.5-க்குத் திரும்பி 23, 24 வினாடியைச் சகித்துக்கொண்டேன்.

மீதி ஐம்பது கிராமுக்கும் குறைவு. நாளை டயலை நன்றாகக் கொரகொரப்புப் பக்கம் திருப்பி அம்மாவின் பித்தளை ஃபில்டருக்குக் கொடுத்துவிடுகிறேன். இதே நைஸில் போட்டால் டிகாஷன் இறங்காது.