பழைய தீபாவளி ஃபோட்டோவில் இருந்த ஸ்வீட் பெட்டி எந்தக் கடையுடையது? தேடியவளின் அனுபவம்

முதலில் அந்த ஸ்டூடியோ. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

90களில் மதுரை வீட்டில் எடுத்த தீபாவளி ஃபோட்டோ. பாட்டி மடியில் ஸ்வீட் பெட்டி, ஆனால் பிரின்டில் சிவப்புப் பட்டை மட்டும்தான் தெரிகிறது. நாலுக்கு ஆறு பிரின்டை 600 டிபிஐக்கு மேல் ஸ்கேன் செய்து பயனில்லை, தாளில் இல்லாத எழுத்து ஸ்கேனில் வராது. பழைய ஆல்பத்தின் கடைசி உறையில் நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை 2400 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள்.

“இதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்ல பாப்பா” என்று அலுத்துக்கொண்டே எடுத்துத் தந்த ஸ்டூடியோக்காரர், நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்துவிட்டார். பெட்டியில் இருந்தது எந்த மொழி என்றே புரியவில்லை. காட்டிக்கொடுத்தது தாத்தாவின் சட்டை: பாக்கெட் வலது மார்பில் இருந்தது. மறுபடி ஸ்கேன் செய்யத் தனிக் காசாம். கொடுக்காதீர்கள், ஃபோனிலேயே படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம்.

திருப்பியதும் “...விலாஸ் ஸ்வீட்ஸ், மதுரை - 1” என்று வந்தது. பெயரின் முன்பாதி பாட்டியின் முந்தானைக்குள். கீழே ஃபோன் நம்பர், ஆறு இலக்கத்தில் கடைசி ஒன்றை மட்டும் அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.

டிரேட்மார்க் தளத்தில் இனிப்புகள் வரும் 30ஆம் வகுப்பில் தேடினேன். விலாஸ் என்று முடியும் பெயர்கள் கொட்டின, மதுரைக் கடை ஒன்றும் இல்லை. அதை வைத்து அப்படியொரு கடையே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பதிவு கட்டாயமில்லை, பல ஊர்க்கடைகள் பதிந்ததே இல்லை. சிவப்புப் பட்டையும் உதவவில்லை. அது மொத்தக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் டிசைன், யார் வேண்டுமானாலும் பெயரை மட்டும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று பெட்டி வியாபாரி ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மிச்சம் நம்பர்தான். பழைய லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் பிற்பாடு 2 சேர்த்தார்கள். அதனால் 0452, பிறகு 2, பிறகு தெரிந்த ஐந்து இலக்கம், கடைசியில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதும். பெரும்பாலும் “உபயோகத்தில் இல்லை” என்றுதான் வரும். யாராவது எடுத்தால், எடுத்த எடுப்பில் ஸ்வீட் கடையா என்று கேட்காதீர்கள், விளம்பரக் கால் என்று வைத்துவிடுகிறார்கள். “பழைய கடை நம்பர் ஒன்று விசாரிக்கிறேன்” என்று ஆரம்பித்தால் பேசுகிறார்கள்.

ஒரு நம்பரில் பெரியவர் ஒருவர் எடுத்தார். “கடை இருக்கும்மா, தம்பி மகன் பார்க்கிறான். பேரை மாத்திட்டான். நம்பர் மட்டும் வீட்டோட தங்கிடுச்சு.”

விலாஸ் போய்விட்டதால் மேப்பில் பழைய பெயரைத் தேடினால் வராது. புதுப் பெயரை அவரிடமே எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொண்டேன். நெய் மைசூர்பாகு அரை கிலோ சொல்லியாயிற்று, பெட்டி இப்போது நீல நிறமாம்.