பாரீசில் ஒரு இழை மாவு: காரைக்குடியிலிருந்து எழுதும் நாட்குறிப்பு

ஜூலை 19, சனி

மகள் பாரீசுக்குப் புறப்படுவதற்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. இன்று முழுவதும் பெட்டி கட்டுவதிலேயே கழிந்தது. அவள் ஆசையாகக் கேட்ட உப்புக்கண்டத்தையும், வீட்டில் உருக்கிய நெய்யையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டோம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணப் பெட்டியில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனுமதிப்பதில்லை. சுங்கத்தில் பார்த்தால் எடுத்து அழித்துவிடுவார்கள். அந்த இடத்தில் கல்பாசி, மராத்தி மொக்கு, சுண்டவற்றல், இரண்டு கிலோ கவுனி அரிசி ஆகியவற்றை வைத்தோம். பட்டை, கிராம்பு, புளி எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று சொல்லியும் அவளுடைய பாட்டியான ஆயா கேட்கவில்லை. ஒரு உருண்டைப் புளியையும் சேர்த்தே வைத்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகள் லா சப்பேலுக்குப் போயிருக்கிறாள். பாரீசின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேற்பகுதியும் கைல் தெருவும் சேர்ந்த பகுதி அது. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கின்றன, வாழை இலையும் முருங்கைக்காயும் வாசலிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இங்கே கேட்டது.

கறிவேப்பிலையும் கீரையும் ஞாயிற்றுக்கிழமை வாடிப்போய் இருந்தனவாம். கடைக்காரரிடம் கேட்டதற்கு, விமானத்தில் வரும் சரக்கு தமக்கு வியாழக்கிழமை மாலை வந்து சேர்கிறது, வெள்ளிக்கிழமை வந்தால் பசுமையாகக் கிடைக்கும் என்றாராம். எந்தக் கடைக்கு எந்த நாளில் சரக்கு இறங்குகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று அவள் வைத்த புளிக்குழம்பு வீணாகிவிட்டது. கடையில் 'தூள்' என்று கேட்டிருக்கிறாள், அவர்களும் தூளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இலங்கைத் தமிழர் வீடுகளில் தூள் என்றால் மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு எல்லாம் வறுத்துச் சேர்த்து அரைத்த கறித்தூள். அதைத் தனி மிளகாய்த்தூள் என்று எண்ணி, மல்லித்தூளும் மேலே போட்டதால் குழம்பு கறுத்து, கெட்டியாகி, சோம்பு வாசனையோடு நின்றுவிட்டது. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தனி மிளகாய்த்தூள் சிவப்பாக இருக்கும், வறுத்த தூள் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதைக் கடைக்கார அம்மாவிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டு, "பிள்ளை, இனி வெறும் மிளகாய்த்தூள் எண்டு கேளுங்கோ" என்று சொல்லி, மற்றச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். மரக்கறி என்றால் காய்கறி, கச்சான் என்றால் நிலக்கடலை, கறுவா என்றால் பட்டை. வெறுமனே பருப்பு என்று கேட்டால் சிவப்பு மைசூர்ப் பருப்பு வரும் என்பதால், துவரம் பருப்பு என்று முழுப்பெயரும் சொல்ல வேண்டும். அரிசி மாவிலும் வறுத்தது, வறுக்காதது என்று இரண்டு உண்டு. இந்தக் கடைசிச் செய்தி பின்னால் எங்களுக்குத் தேவைப்படும்.

செப்டம்பர் 6, சனி

பிரான்சில் செப்டம்பர் தொடக்கத்தில் பெரும்பாலான ஊர்களும் வட்டாரங்களும் சங்கங்களின் சந்தை ஒன்றை நடத்துகின்றன. ஒரு மைதானத்தில் அல்லது மண்டபத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு மேசை போட்டு உட்காரும், அந்த ஆண்டுக்கான உறுப்பினர்களும் அப்போதே சேருவார்கள். புதிதாக வந்தவர்கள் தவறவிடக்கூடாத நாள் இது. மகள் போய்ப் பார்த்ததில் தமிழர் சங்கங்கள் மட்டுமே மூன்று மேசைகளில் இருந்தனவாம்.

அவள் குழம்பியது எல்லாம் தமிழ்ச் சங்கம் என்றே தொடங்கும் பெயர்களால்தான். இலங்கைத் தமிழர் நடத்துபவை ஒரு வகை. அவர்களுடைய வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் மிகவும் ஒழுங்காக நடக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் வழியினர் நடத்துபவை இன்னொரு வகை. 1962இல் அந்தப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அவர்களில் பல. வேலைக்காகவும் படிப்புக்காகவும் அண்மையில் போன தமிழ்நாட்டுக்காரர்களின் கூட்டம் மூன்றாவது. பெயரைப் பார்த்துச் சேர்வதைவிட, கடந்த ஆண்டு என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்தினீர்கள் என்று கேட்பதே சரி.

அவள் அப்படிக் கேட்காமல் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டாள். ஆண்டுக்கு ஒரு விருந்து தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சங்கங்கள் அங்கே 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. ஆகவே பணம் கட்டும் முன் பொதுக்குழுவில் வைத்த ஆண்டறிக்கையைக் காட்டும்படி கேட்பதில் தவறே இல்லை. ஒழுங்காக நடக்கும் சங்கம் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கடை கிடைத்தது, தமிழ் பேச ஆட்கள் கிடைத்தார்கள், பழோல் தெரு மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு வெள்ளிதோறும் போகிறாள். ஆனாலும் பிள்ளையார் நோன்பு நெருங்க நெருங்க அவளுக்கு ஏக்கம் வந்துவிட்டது. "ஆத்தா, இங்க எல்லாரும் நல்லா பழகுறாக, ஆனா இழை எடுத்துக் கொடுக்கப் பெரியவுக யாரும் இல்லையே" என்றாள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நேரத்தில், மாவில் நூலிழைத் திரியை ஏற்றிப் பெரியவர் கையால் வாங்கிக்கொள்வதுதான் இழை எடுப்பது; இந்த வழக்கம் செட்டிநாட்டு நகரத்தார்க்கு உரியது. அதைச் செய்கிறவர்களை அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் தேடினால் எளிதில் கிடைக்கமாட்டார்கள்.

நான் அங்கே தேடச் சொல்லாமல் இங்கே தேடினேன். கானாடுகாத்தானில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "எந்த ஊரு, எந்தக் கோயிலு?" என்று அவர்கள் கேட்க, நான் எங்கள் கோயில் இலுப்பைக்குடி என்று சொல்ல, பத்து நிமிடத்தில் அவர்களுடைய நாத்தனார் மகன் பாரீசுக்குக் கிழக்கே ஒரு புறநகரில் இருப்பது தெரிந்தது. மகளுடைய சம்மதத்தைக் கேட்டு எண்ணைக் கொடுத்தேன். அந்தப் பாரீசு வீட்டாரே அன்றிரவு அவளை அழைத்தார்கள். எங்கள் ஐயா பர்மாவுக்குப் போன காலத்தில், ஊரிலிருந்து கொண்டுபோன கடிதம்தான் நகரத்தார் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் இடம் வாங்கித் தந்தது என்று சொல்வார்கள். இப்போதும் வழி அதுவாகவே இருக்கிறது.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று மாலை பாரீசில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து இழை எடுத்துக்கொண்டார்கள். விடுமுறை நாளாக அமைந்ததால் எல்லாரும் வர முடிந்தது. மாவுக்கு நெய் வேண்டியிருந்தது. கடையில் உப்பிட்ட வெண்ணெயும் உப்பில்லாத வெண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். உறையில் 'doux' என்று போட்ட உப்பில்லாததைப் பார்த்து வாங்கி உருக்கியிருக்கிறாள். அரிசி மாவைக் கேட்டபோது மறக்காமல் 'வறுக்காத மா' என்று சொல்லி வாங்கினாள், ஏனென்றால் வறுத்த மாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்தால் பிள்ளையார் உருவம் நிற்காமல் உதிர்ந்துவிடுகிறது. ஆவாரம்பூ மட்டும் கிடைக்கவில்லை, செவ்வந்தியை வைத்தார்களாம்.

காணொளியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இரவு மணி பத்தரை, அங்கே ஆறு. புது வேட்டியிலிருந்து உருவிய 21 இழைகளைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, அந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்தார். என் மகள் குனிந்து, சுடரோடு வாயில் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து கைபேசியைப் பார்த்தாள். அந்தப் பெரியவர் அவளிடம், "பொங்கலுக்கும் வந்துரு ஆத்தா, வெள்ளைப் பணியாரம் சுடுவாக" என்று சொன்னது எனக்கும் கேட்டது.