விளம்பரத்தில் இருக்கும் பதவியும் உள்ளே இருக்கும் சிக்கலும்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. "பின்னலாடை ஏற்றுமதியில் ஐந்து ஆண்டு அனுபவம், சாம்பிள் முதல் ஷிப்மெண்ட் வரை பார்த்திருக்கிறேன்." பதவிக்குப் பொருத்தம்தான். மேசையில் இருக்கும் மற்ற விண்ணப்பங்களும் அதே அளவுக்குப் பொருந்துகின்றன.

விளம்பரத்தை நிதானமாகப் படித்தால் சில நேரம் ஒரு வரி தனித்து நிற்கும். "லேப் டிப் ஒப்புதலை வேகமாக வாங்கத் தெரிந்தவர்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறத்தைப் பையர் பார்த்து ஒப்புக்கொள்வதற்காகச் சாயம் ஏற்றி அனுப்பும் சிறு துணித்துண்டுதான் லேப் டிப். எல்லா மெர்ச்சண்டைசரும் செய்கிற வேலையை ஏன் தனியாகக் குறிப்பிட வேண்டும்? அங்கேதான் நாள் வீணாகிறது போலும். நிறம் ஒப்புதலாகாமல் மொத்தத் துணிக்குச் சாயம் ஏற்ற முடியாது. அது தள்ளிப்போனால் கட்டிங்கும் தையலும் தள்ளிப்போகும். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானம் ஏறும். தாமதம் நம் பக்கம் என்றால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.

இந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டியது இப்படி ஒன்று: "பையர் திருப்பி அனுப்பிய லேப் டிப்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தேன். பகல் ஒளிக்கான டி65 விளக்கில் சரியாக இருந்த நிறம், கடை விளக்கான டிஎல்84-இல் மாறித் தெரிந்தது. அதன்பிறகு, பையர் எந்த விளக்குகளில் பார்ப்பார் என்று முதலிலேயே கேட்டுச் சாயப்பட்டறைக்கு எழுதிக் கொடுத்தேன். லைட் பாக்ஸில் இரண்டு விளக்கிலும் பார்த்த பிறகே கூரியரில் அனுப்பினேன். அந்த சீசனின் 12 நிறங்களில் 9 நிறங்கள் இரண்டாவது சுற்றுக்குள் ஒப்புதலாயின. முந்தைய சீசனில் நாலு சுற்று வரை போனது." ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் என்றால் மிச்சமான நாள்களை முதலாளியே கணக்குப் போட்டுக்கொள்வார்.

எண்ணை எழுதினால் அதைத் தொடர்ந்து கேள்வி வரும். "சாயக் கலவையை மாற்றியது யார்?" மாற்றியது சாயப்பட்டறை லேப். விளக்கைக் கேட்டுச் சொன்னதும் அனுப்பும் முன் சரிபார்த்ததும் மட்டுமே நம் பங்கு. அதை அப்படியே சொல்ல வேண்டும். முழுவதையும் தன் பெயரில் எழுதியவர் இந்தக் கேள்வியில்தான் மாட்டுகிறார். பழைய பையரின் பெயரும் விலையும் பேச்சில் வரவே கூடாது. இன்று அதைச் சொல்பவர் நாளை நம் விலையையும் வெளியே சொல்வார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

ஊகம் தவறாகவும் போகலாம், அந்த வரி பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்திருக்கலாம். அதனால் நேர்காணலின் தொடக்கத்திலேயே, "சார், இப்போ எந்த இடத்துல நாள் அதிகமாப் போகுது?" என்று கேட்டுவிடுவது நல்லது. "லேப் டிப் பிரச்சினை இல்லைங்க, பல்க்குல லாட்டுக்கு லாட் ஷேடு மாறுது" என்று பதில் வந்தால் விளக்குக் கதையை அங்கேயே விட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியது, சாய லாட்டுகளைப் பிரித்து அடுக்கி, ஒரு சட்டையின் உடலும் கையும் ஒரே லாட்டில் வரும்படி கட்டிங்கில் பார்த்துக்கொண்ட ஆள்.