பேராசிரியர் எழுதிய இரங்கல் கடிதம்

ஜூன் 3, செவ்வாய், டர்பன்

வெஸ்ட்வில் வளாகத்தில் கணிதம் நடத்திய நம் கும்பகோணத்துக்காரர் போய் இன்றோடு ஐந்து நாள். மாலையில் அவர் மனைவி சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, அவரோட வேலை பார்த்த புரொபசர் ஒரு லெட்டர் அனுப்பியிருக்கார். அத்தைக்கு இங்கிலீஷ் வராது. பதினாறாம் நாளுக்குள்ள தமிழ்ல எழுதித் தர முடியுமா?"

ஒன்றரைப் பக்கம். கூடவே பையன் முயன்று பார்த்த ஒரு தாளும் வந்தது. முதல் வரியே, "உங்கள் இழப்புக்கு மன்னிக்கவும்." பேராசிரியர்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி! ஆங்கிலத்தில் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் 'சாரி' ஒன்றே. பையனைச் சொல்லிக் குற்றமில்லை, என் மாலை வகுப்பில் படித்தவன்தான்.

ஜூன் 5, வியாழன்

ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் போயிற்று. கடிதத்தில் 'பாசிங்' என்று இருக்கிறது. சைவக் குடும்பம், அதனால் 'சிவபதம் அடைந்தார்' என்றுதான் கை எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். அது வீட்டார் சொல்ல வேண்டிய சொல். எழுதியவர் தம் கடிதத்தில் கடவுளையே கொண்டுவரவில்லை, அவர் வாயில் நான் சிவலோகத்தைத் திணிக்கக் கூடாது. 'இயற்கை எய்தினார்' என்றால் பகுத்தறிவுக்காரர் வாடை. 'காலமானார்' பத்திரிகைச் செய்தி. கடைசியில் 'தங்கள் மகனின் மறைவுச் செய்தி' என்று போட்டேன். எந்தப் பக்கமும் சாயாத சொல்.

விளிப்பிலும் ஒரு சிக்கல். கடிதம் மனைவி பெயருக்கு வந்தது, படிக்கப் போவது தாய். தமிழில் பெரியவரைத் தாண்டி மருமகளை முதலில் அழைத்தால் நன்றாயிராது. 'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும்' என்று தொடங்கினேன். மூலத்தில் 'அம்மா' இல்லை. மருமகளிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். இறந்தவரைப் பேராசிரியர் வெறும் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார், அவர்கள் பழக்கம் அது. தமிழில் 'அவர்கள்' சேர்க்காவிட்டால் தாய்க்கு வலிக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு இடத்தில் 'வீ' வருகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. 'நாங்கள்' என்றால் துறைக்காரர்கள் மட்டும், அம்மா வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் அவரும் உள்ளே. துக்க வீட்டுக்குப் போகும் கடிதத்தில் இதை ஊகித்து எழுதலாமா? பேராசிரியருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். மாலையே பதில் வந்தது: முதலாவது துறை மட்டும், கடைசி வரியில் குடும்பமும் சேர்த்தி. ஆகவே மேலே "எங்கள் கண்கள் நடைவழியில் அவரைத் தேடுகின்றன", முடிவில் "நாம் எல்லோரும் ஒரு நல்ல மனிதரை இழந்துவிட்டோம்."

அந்த முதல் வரியில் 'மிஸ்' என்று இருந்தது. அதற்குத் தமிழில் நேர்ச்சொல் தேடி மாள வேண்டாம். கண் தேடுகிறது என்றால் கிழவிக்கும் குழந்தைக்கும் புரியும்.

ஜூன் 10, செவ்வாய்

நடுவில் ஒரு வேடிக்கை வரி. அவர் போடும் தேநீர் படு மோசமாம், ஆனாலும் யாரும் மறுத்ததில்லையாம். இரங்கல் கடிதத்தில் இதுவா என்று முதலில் அடித்துவிட்டேன். இரண்டு முறை படித்த பிறகு தெரிந்தது, அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஆள் உயிரோடு இருப்பது இந்த ஒரு வரியில்தான். மற்றதெல்லாம் யாருக்கும் எழுதலாம். 'மோசம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு எழுதினேன்: "தேநீர் போடுவது மட்டும் அவருக்குக் கைவரவில்லை. ஆனாலும் நாலு மணிக்கு அவர் நீட்டும் கோப்பையை எங்களில் ஒருவரும் வேண்டாம் என்றதில்லை."

'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதச் சொல்லிக் கை அரித்தது. அவர் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. 'இங்ஙனம்' மனுவில் வருவது, 'உண்மையுள்ள' அலுவலகத்துக்கு. 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று முடித்து, கீழே 'ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம்' என்று சிறிய எழுத்தில் போட்டு, மூலத்தையும் பின்னால் சேர்த்து ஊசி குத்தினேன்.

ஜூன் 14, சனி

பதினாறாம் நாள் காரியம். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். தேநீர் வரியில் கையைப் பிடித்து நிறுத்தினார். "டீத்தூளைக் கொதிக்கவே விடமாட்டான் தம்பி. வெந்நீர்ல காட்டிட்டு எடுத்துடுவான்." சிரித்தார், பிறகு வெகுநேரம் புடவைத் தலைப்பை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

கடைசியில் கேட்டார்: "அந்த வெள்ளைக்காரர் என்னை அம்மான்னா எழுதியிருக்கார்?"

"இல்லம்மா. அந்த ஒரு வார்த்தை நான் போட்டது."

"இருக்கட்டும்," என்று தாளை வாங்கித் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.