வெளிநாட்டில் பகுதி நேர வேலை: ரெஸ்யூமேயில் நேரத்தை எழுதுவது எப்படி

பிரிட்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு வந்த முதல் மாதத்தில் முப்பது இடங்களுக்காவது ரெஸ்யூமே கொடுத்திருப்பேன். இரண்டு பக்கம். இளங்கலை மதிப்பெண், கடைசி வருட ப்ராஜெக்ட், மென்பொருள் சோதனையில் இரண்டு வருட அனுபவம் எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "எந்த நாளும், எந்த நேரமும் வேலைக்கு வரத் தயார்." அந்த வரிதான் என் பலம் என்று நம்பினேன்.

ஒரு காபி கடையில் மட்டும், அங்கே ஷிப்ட் போடும் பெண்மணி தாளை என் முன்னாலேயே படித்துப் பார்த்தார். "எந்த நேரமும் என்றால் உங்களுக்கு வகுப்பே கிடையாதா? விசாவில் எத்தனை மணி நேரம் அனுமதி?" என்று கேட்டார். தடுமாறினேன். வெள்ளி மாலைக்கும் சனி காலைக்கும் தனக்கு ஆள் வேண்டும் என்றும், அந்த இரண்டுக்கும் நான் வருவேனா என்பது தாளில் இல்லை என்றும் சொன்னார். ரெஸ்யூமேயை அவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் மனதில் ஓடுவது அடுத்த வார ஷிப்ட் அட்டவணை. அதில் எந்தக் கட்டத்தில் என்னைப் போடலாம் என்று தேடுகிறார்.

அன்று இரவே எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுருக்கினேன். பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழேயே, படிப்புக்கும் மேலே, மூன்று வரிகள் வைத்தேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும், பொருள் இதுதான்:

"வரக்கூடிய நேரம்: திங்கள் மாலை 4 முதல் 10 வரை, வெள்ளி, சனி நாள் முழுவதும், ஞாயிறு மதியம் 2 வரை. அக்டோபர் 14 முதல் வரலாம்.
வாரத்துக்கு 16 மணி நேரம் வரை.
மாணவர் விசா: கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் முழு நேரம் வரலாம்."

முதல் வரியை எழுதும் முன் வகுப்பு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு 1 மணிக்கு முடிகிறது என்றால் 1.30க்கு வேலை என்று போடாதீர்கள். பேருந்து நேரம், சாப்பாடு, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டு நிற்கும் பத்து நிமிடம் எல்லாம் இருக்கிறது. குழுவாகச் செய்யும் வேலைக்கு ஒரு நாளையாவது தாளில் காட்டாமல் விட்டுவிடுங்கள். நான் புதன்கிழமையை விட்டேன். எழுதிய நேரத்தில் கண்டிப்பாக வர முடிய வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரமே "வெள்ளி முடியாது" என்று சொன்னால், அப்புறம் நல்ல ஷிப்ட் கிடைப்பது கஷ்டம்.

அனுமதி 20 மணி நேரம் இருக்கும்போது ஏன் 16 என்று நண்பர்கள் கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து கடையை மூடும்போது அரை மணி நேரம் கூடும். யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்கள். பயிற்சி நேரமும் கணக்கில் சேரும். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் வேலைக்கும் அதே கணக்குதான். சம்பளம் இல்லாமல் செய்தாலும் அது வேலையாக இருந்தால் சேரும். 20 என்பது சராசரி கிடையாது. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்றால் இந்த வாரமே விதிமீறல். அதனால் நான்கு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டேன்.

இதில் பலருக்குத் தெரியாத இடம், வாரம் எங்கே தொடங்குகிறது என்பது. விசாக் கணக்கில் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. கடையின் சம்பள வாரம் வேறாக இருக்கலாம். என்னோடு தங்கியிருந்த தோழியின் கடையில் அது சனி முதல் வெள்ளி வரை. ஒரு சம்பள வாரத்தில் அவளுக்குப் புதன் 6, வியாழன் 4, வெள்ளி 6 என்று 16 மணி நேரம் போட்டிருந்தார்கள். அடுத்த சம்பள வாரத்தில் சனி 6, ஞாயிறு 6, செவ்வாய் 4. அதுவும் 16தான். கடைக்காரர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புதன் முதல் ஞாயிறு வரை கூட்டிப் பாருங்கள்: 28 மணி நேரம்! அட்டவணை முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்ததால் தப்பித்தாள். வெள்ளியையும் ஞாயிறையும் வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்து 16க்குக் கொண்டுவந்தாள். அவளைப் பார்த்துத்தான் என் மூன்றாவது வரியில் "திங்கள் முதல் ஞாயிறு வரை" என்று சேர்த்தேன்.

விடுமுறை பற்றியும் ஒரு எச்சரிக்கை. இளங்கலை மாணவர்களுக்குக் கோடை பொதுவாக விடுமுறை. ஒரு வருட முதுகலையில் அந்த மாதங்களில் ஆய்வேடு எழுதுகிறோம். பெரும்பாலும் அது கல்விப் பருவமாகவே கணக்காகும். நண்பர் எழுதினார் என்று "ஜூன் முதல் முழு நேரம்" என்று நீங்களும் எழுதாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் அதைக் கேட்பார்.

இந்த எண்கள் பிரிட்டனில் பட்டப் படிப்பு, முதுகலை மாணவர்களுக்கு. ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24, ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ரெஸ்யூமேயின் விசா வரியை உங்கள் விசா ஆவணத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

திறமைப் பகுதிக்கு வருவோம். மென்பொருள் சோதனை அனுபவத்தை ஒரே வரியாக்கினேன். அதற்குப் பதில், கல்லூரிக் கருத்தரங்கில் பதிவு மேசையைப் பார்த்துக்கொண்டதை மேலே கொண்டுவந்தேன்: "ஒரே காலையில் சுமார் 300 பேரைப் பதிவு செய்தேன், பணம் வாங்கி, மாலையில் கணக்கை ஒப்படைத்தேன்." "நன்றாகப் பேசுவேன், குழுவாக வேலை செய்வேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கூட்டத்தைச் சமாளித்ததும் பணத்தைக் கையாண்டதும் கல்லாவில் நிற்க ஆள் தேடுபவருக்கு நேரடியாகப் புரியும். போட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை இங்கே தேவையில்லை, எடுத்துவிட்டேன்.

பாஸ்போர்ட் எண்ணையும் விசா எண்ணையும் ரெஸ்யூமேயில் போடவே கூடாது. வேலை தருவதாகச் சொன்ன பிறகு, உங்கள் வேலை உரிமையை அவர் இணையத்தில் சரிபார்ப்பதற்கான ஷேர் கோடு ஒன்றை அரசுத் தளத்தில் எடுத்துப் பிறந்த தேதியோடு கொடுத்தால் போதும். வேலை உரிமைக்கான கோடு W என்று தொடங்கும், 90 நாள் செல்லும். சம்பளத்தில் பிடிக்கும் வரி, காப்பீட்டுக் கணக்குக்கான தேசியக் காப்பீட்டு எண் இன்னும் வரவில்லை என்றாலும், வேலை உரிமை உறுதியாகிவிட்டால் தொடங்கலாம்.

புதிய தாளோடு பன்னிரண்டு இடங்களுக்குப் போனேன். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். மூவரும் முதலில் கேட்டது வெள்ளி மாலையைப் பற்றித்தான். ஜனவரியில் வகுப்பு அட்டவணை மாறியதும், அந்த முதல் வரியைத் திருத்திப் புதிய பிரதியை, ஷிப்ட் போடுவதற்கு முந்தைய நாளே மேலாளரிடம் கொடுத்துவிட்டேன்.